அமராக்கா எலுமிச்சை ஊறுகாய்

அமராவதிக்கும் சிதம்பரம் பஸ்ஸுக்கும் இருந்தது பரம்பரைப் பகை. அவள் அம்மாவை நடுவழியில் இறக்கிவிட்ட கண்டக்டரின் பிள்ளைதான் பிற்பாடு இவளையும் இறக்கிவிட்டான் என்று ராசாப்பேட்டையில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். ஆனால் இறக்கிவிட்டது நிஜம்.

"யம்மா, கூடைய எறக்கு. இது பஸ்ஸா, மீன் மார்க்கெட்டா?"

"டிக்கெட்டு குடுக்கறப்ப கூடைக்கும் சேத்துத்தான வாங்குன? அப்ப மூக்கு எங்க போச்சு?"

"லக்கேஜுக்குத்தான் டிக்கெட்டு உண்டு. நாத்தத்துக்கு இல்ல. எறங்கு, எறங்கு."

ஆலப்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால், வெயில் மண்டையைப் பிளக்கிற இடத்தில், கருவாட்டுக் கூடையும் அவளுமாக நின்றார்கள். பஸ் போன புழுதி அடங்கும்வரை அமராவதி வைதாள். கண்டக்டரின் ஏழு தலைமுறை முடிந்து, டிரைவரில் தொடங்கி, கடைசி சீட்டில் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த வாத்தியார் வரைக்கும் வைதாள். அப்புறம் கூடையின் மேலேயே உட்கார்ந்துகொண்டு, யாருமில்லாத ரோட்டைப் பார்த்து ஒரு சபதம் செய்தாள்.

"ஒரு நாளு என் கருவாடு பேரு போட்டு, டிக்கெட்டு போட்டு, இதே பஸ்ஸுல செதம்பரம் போவும். பாரு."

நூறு தலை கொண்டுவருவேன் என்று ராஜாக்கள் சபதம் போட்ட தேசத்தில் ஒரு பொம்பளை இவ்வளவுதான் கேட்டாள். அதுவும் முழுசாகக் கிடைக்கவில்லை. பாதி கிடைத்தது. எந்தப் பாதி என்பதுதான் கதை.

அலை வந்தது இரண்டாயிரத்து நாலின் கடைசியில். அவள் புருஷன் காசிநாதனின் படகைத் தூக்கித் தென்னந்தோப்பில் வைத்துவிட்டுப் போனது. அலை ஒரு தடவைதான் வந்தது. அதற்குப் பிறகு வந்த ஜீப்புகளுக்கு அளவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியவர்கள் எல்லாரும் பொம்பளைகளைப் பாயில் உட்காரவைத்து, குழு சேருங்கள் என்றார்கள். வாரம் ஒரு தொகை சேமிப்பு, அதிலிருந்து உள்கடன், ஆறு மாதம் ஒழுங்காக நடந்தால் பாங்கு கடன். அமராவதி சேர்ந்த குழுவில் பதினைந்து பேர். அவளுக்கு அடுத்த வீட்டுச் சவரியம்மாளும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வந்து கருவாடு ஆயக்கூடியவள்.

பாங்கு கடன் வந்ததும் எல்லாக் குழுவும் ஆட்டைத் தேடிப் போனபோது, அமராவதி அடுப்பைத் தேடிப் போனாள். நெத்திலிக் கருவாட்டைத் தலை கிள்ளி, சுடுதண்ணியில் அலசி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் பூண்டும் சுருள வதக்கி, புளியும் மிளகாயும் போட்டு, எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை கிண்டி, கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தாள். அந்தத் தொக்கு வதங்குகிற வாசனைக்கு முதுநகர் ஜங்ஷனில் நின்ற கூட்ஸ் வண்டியின் டிரைவர், சிக்னல் விழுந்தும் நகரமாட்டேன் என்றாராம். அவர் கையில் சோற்றுத் தூக்கு இருந்ததாம். இதுவும் ராசாப்பேட்டைக் கணக்கு.

கணக்கு எப்படியோ, பாட்டிலை மூடினால் வாசனை வெளியே வரவில்லை. அதுதான் அதிசயம். பைக்குள் இருபது பாட்டிலோடு அமராவதி சிதம்பரம் பஸ்ஸில் ஏறி, கண்டக்டருக்குப் பக்கத்துச் சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு போனாள். அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு விசில் ஊதினான். இறங்கும்போது அவளாகவே சொன்னாள்: "பையில கருவாடுதான் தம்பி. இப்ப எறக்கி வுடு பாப்போம்."

பொருட்காட்சிகளில் ஸ்டால் கிடைத்தது. வாங்கியவர்கள் மறுவருஷம் தேடி வந்தார்கள். குழுவுக்கு வைத்திருந்த பெயர் யாருக்கும் வாயில் நுழையவில்லை. "அமராக்கா தொக்கு வந்திருக்கா?" என்றுதான் கேட்டார்கள்.

இரண்டாயிரத்து ஏழில், சுற்றுவட்டாரத்தில் தின்பண்டம் செய்கிற பன்னிரண்டு குழுக்களை ஒன்றாக்கிக் கூட்டமைப்பு அமைத்தது ஒரு தொண்டு நிறுவனம். அங்கே வேலை பார்த்த சித்தார்த் மதுரைப் பக்கத்துப் பையன், எம்.பி.ஏ. படித்தவன், பேசும்போது கையால் காற்றில் கட்டம் போடுவான். தனித்தனியாகப் போனால் கடைக்காரன் ஒருத்தியை வைத்து இன்னொருத்தி விலையைக் குறைப்பான்; ஒரே பெயர், ஒரே லேபிள், ஒரே விலை, ஒரே வண்டி என்று போனால் அவன் நம்மைத் தேடி வருவான் என்று விளக்கினான். அதில் ஒரு பொய்யும் இல்லை.

பெயர் வைக்கக் கூடிய கூட்டம்தான் பெரிய கூத்து. பன்னிரண்டு குழுவும் பன்னிரண்டு அம்மனைக் கொண்டுவந்தன. எங்கள் அம்மன் இருக்க உங்கள் அம்மனா என்று ஆரம்பித்து, அம்மன்களே வரிசையில் நின்று வேலைக்கு மனுப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. குடிகாட்டிலிருந்து வந்த மங்கலம்தான் முடித்துவைத்தாள். எலுமிச்சை ஊறுகாய் போடுகிற குழுவின் தலைவி அவள். பத்தாவது முடித்தவள், வாயில் கணக்கு வைத்திருக்கிறவள்.

"சாமி பேரு வச்சா கவருல மிதிபடும், அது வேணாம். ஏற்கெனவே வாங்கறவுங்க வாயில என்னா பேரு இருக்குதோ அத வைப்போம். அமராக்கா. யாருக்கு என்னா நஷ்டம்?"

"அதான்! பிராண்டுன்றதே அதான்!" என்று சித்தார்த் எழுந்தே நின்றுவிட்டான்.

அமராவதி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என் பேரு எதுக்குடி, எவ்ளோ நல்ல பேரு இருக்குது" என்றாள். அதைப் பார்த்துச் சவரியம்மாள் அவள் தொடையில் கிள்ளினாள். "ரொம்ப பிகு பண்ணாத. வேற பேரு வச்சுடப் போறாளுவ."

படமும் பிடித்தார்கள். மங்கலத்தின் பட்டுப்புடவையை வாங்கிக் கட்டி, முகத்துக்கு மஞ்சள் பூசி, அமராவதி சிரித்தாள். காவிப்பல் தெரியாமல் சிரிக்க அரை நாள் பழகினாளாம். பெயரையும் படத்தையும் கூட்டமைப்பின் பேரில் பதிவுக்கு அனுப்பியபோது, சித்தார்த் அவளிடம் கேட்டுத்தான் அனுப்பினான். அவள் பதினாலு ஊர் கேட்கச் சரி என்றாள்.

சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில், காலேஜ் ஹாஸ்டல்களுக்கும் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸுக்கும் நடுவே மணவாளனின் ஸ்டோர். மனுஷன் கெட்டவர் இல்லை. சரக்கை வைத்துவிட்டுப் போங்கள், விற்றதற்குக் காசு, விற்காததைத் திருப்பிக் கொடுப்பேன் என்கிற வழக்கப்படி ஒரு அலமாரி முழுவதும் 'அமராக்கா' என்று ஒதுக்கினார். மேல்தட்டில் நெத்திலித் தொக்கு, நடுவில் எலுமிச்சை, மாங்காய், கீழே மசாலாப் பொடிகள். மேல்தட்டுதான் முதலில் காலியாகும். ஊருக்குப் போகிற பையன்கள் இரண்டு இரண்டாக வாங்கிப் போவார்கள்.

அட்டைப் பெட்டிகள் பஸ் கூரையில் போயின. தன் முகம் போட்ட பெட்டிகளைக் கூலிக்காரன் ஏற்றுவதை முதுநகர் பஸ் நிறுத்தத்தில் நின்று அமராவதி பார்ப்பாள். பெட்டி தலைகீழாக இருந்தால் சத்தம் போடுவாள். "டேய், என்னைய நேரா வையிடா!"

இந்தச் சந்தோஷத்தில்தான் அவள் தன் குழியைத் தானே தோண்டினாள். மண்வெட்டியைக்கூட அவளேதான் கொண்டுவந்தாள்.

நடந்தது இதுதான். மங்கலம் லேபிள் ஒட்டிய ஊறுகாயைக் கூட்டமைப்புக்குக் கொடுத்துக்கொண்டே, அதே ஊறுகாயை வாளியில் போட்டுக் கம்பெனி கான்டீன்களுக்குக் குறைந்த விலைக்கு ஊற்றினாள். அங்கே தின்ற ஒருவர் மணவாளன் கடைக்கு வந்து, "இதே சரக்கு அங்க பாதி விலைய்யா" என்று சொல்ல, மணவாளன் கூட்டமைப்பைக் கூப்பிட்டுக் காய்ச்சிவிட்டார். பொதுப்பெயர் என்றால் அதில் ஒருத்தி செய்வது எல்லார் தலையிலும் விழும்.

கூட்டத்தில் அமராவதி சாமி வந்தவள் மாதிரி எழுந்தாள். மீனவ ஊரில் கட்டுப்பாடு என்றால் கட்டுப்பாடுதான். ஊர் ஒரு நாள் கடலுக்குப் போகாதே என்றால் தலைவர் படகும் கரையில்தான் கிடக்கும். அந்தப் பழக்கத்தில் பேசினாள்.

"பேருக்குள்ள வந்துட்டு, பேரு இல்லாம எவளும் எதையும் விக்கக் கூடாது. வித்தா அவ குழுவோட மொத்தச் சரக்கையும் ஒரு வருசம் நிறுத்திப்புடணும். இந்தக் கட்டு மொதல்ல எனக்கு. பேருக்காரி நான். என் கையால லேபிள் இல்லாத பொட்டணம் ஒண்ணு வெளிய போனா, என் குழுவத்தான் மொதல்ல நிறுத்தணும். சரிதானா?"

கைதட்டல் கூரையைத் தூக்கியது. மங்கலம் தலை குனிந்து, தப்பு தப்பு என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கையைத் தூக்கி ஓட்டுப் போட்டதில் அவள் கைதான் எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தது. அடுத்த தேர்தலில் கூட்டமைப்பின் தலைவியாகவும் ஆனாள். திருந்தியவளுக்கு இருக்கிற மரியாதை ஒழுங்காக இருந்தவளுக்கு எங்கே இருக்கிறது?

பொதுவாக ஒரு ஷெட் கட்டினார்கள். குடிகாட்டுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. காய், பழப் பண்டங்களுக்கான லைசென்சு வாங்கினார்கள். பார்க்க வந்த அதிகாரி, மீன் இந்தக் கூரைக்குள் வரக்கூடாது, அதற்குத் தனி இடம், தனி அனுமதி என்றார். சரிதானே. கருவாட்டுக்கு அடுத்த வருஷம் தனி ஷெட் என்று தீர்மானம் போட்டார்கள். அதுவரை அமராவதி ராசாப்பேட்டையிலேயே கிண்டட்டும் என்றார்கள். அடுத்த வருஷத்துக்கும் ஒரு அடுத்த வருஷம் இருந்தது.

பாட்டில் போய் பளபளவென்று பாக்கெட் வந்தது. பாக்கெட் அச்சடிப்பது லேபிள் ஒட்டுவது மாதிரி இல்லை. ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு உருளை செய்ய வேண்டும், சிலிண்டர் என்பார்கள். ஒரு தடவை செய்துவிட்டால் மூக்கை மாற்றவும் முடியாது, முடியை மாற்றவும் முடியாது. அச்சடித்தால் மலை மலையாகத்தான் அடிக்க வேண்டும். அமராவதியின் முகம் இரும்பில் ஏறியது. எலுமிச்சைக்கு ஒரு சிலிண்டர், மாங்காய்க்கு ஒன்று, மசாலாவுக்கு ஒன்று. தொக்குக்கு மட்டும் பழைய பாட்டில், பழைய லேபிள். அதில் சட்டப்படி ஒரு பழுப்புப் புள்ளி, அசைவம் என்று. மற்றதில் எல்லாம் பச்சைப் புள்ளி.

அந்தப் புள்ளி கடுகளவுதான். அதுதான் அவளை விழுங்கியது.

இரண்டாயிரத்துப் பத்து கோடையில் மணவாளன் கூட்டமைப்புக் கூட்டத்துக்கே வந்தார். கையில் எலுமிச்சைப் பாக்கெட் ஒன்று. பாதி வழித்துத் தின்று நிறுத்தியது.

"குவார்ட்டர்ஸ் மாமி ஒருத்தங்க திருப்பிக் குடுத்துட்டாங்க. மேல்தட்டுல இதே அம்மா படத்த கருவாட்டு பாட்டில்ல பாத்துட்டாங்க. ஒரே கை, ஒரே கரண்டியான்னு கேக்கறாங்க. நான் என்னான்னு சொல்றது? ஒருத்தங்க திருப்பினா பரவால்ல. கோயில் வீதிப் பக்கம் கடை வச்சிருக்கற என் மச்சான் மொத்தமா எடுக்கறேன்னான். இப்ப கருவாடு இருக்கற பேரு வேணாம்ங்கறான்."

"கரண்டி எங்க சார் ஒண்ணு? அது குடிகாட்டுல, நான் ராசாப்பேட்டைல" என்றாள் அமராவதி.

"எனக்குத் தெரியும்மா. மாமிக்குத் தெரியணுமே."

"மாமிய கூட்டியாங்க. என் கரண்டியக் காட்டறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். அமராவதியும் சிரித்தாள். சித்தார்த் மட்டும் சிரிக்காமல் காற்றில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். "அம்மா, ஒரு பேருன்னா ஒரு அர்த்தம்தான் இருக்கணும். ரெண்டு அர்த்தம் ஆச்சுன்னா கடை குழம்பும். இப்போதைக்கு தொக்க நிறுத்தி வைப்போம். ஷெட்டும் கட்டல. ஷெட்டு வந்தப்புறம் வேற பேர்ல யோசிக்கலாம்."

"இப்போதைக்குன்னா?"

"இப்போதைக்கு."

அமராவதிக்கு அப்போதுதான் சிரிப்பு நின்றது. "சரி. எலுமிச்சைக்கு வேற பேரு வையுங்க. அமராக்கான்னா கருவாடுதான். அத என்கிட்டயே குடுத்துடுங்க."

மங்கலம் மெதுவாகச் சொன்னாள். "யக்கா, சிலிண்டரு போட்டாச்சு. கோடவுன்ல பாக்கெட்டு மலை மாதிரி கெடக்குது. உன் மூஞ்ச தூக்கி எங்க கொட்டறது?"

"அப்ப அதே பேர்ல நான் தனியா கருவாடு வித்துக்கறேன்."

அதற்கும் வழியில்லை என்றான் சித்தார்த். பெயர் கூட்டமைப்பின் பேரில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவில் மீனும் ஊறுகாயும் ஒரே வகுப்பில்தான் வரும். அலமாரியில் ஒன்றாக இருக்கக் கூடாத இரண்டும் சர்க்கார் புத்தகத்தில் ஒரே பாயில் படுத்துக்கொண்டிருந்தன.

"அப்ப பேரு இல்லாமயே விக்கறேன். முன்ன கூடையில வித்த மாதிரி."

ஒருத்தி சேலை நுனியைத் திருகினாள். சவரியம்மாள்தான் காதோடு சொன்னாள்: "நீதானடி கட்டுப் போட்ட."

மங்கலம் கைகூப்பினாள். நடிப்பில்லை, கண் கலங்கித்தான் இருந்தது. "யக்கா, உன்னையப் பாத்துத்தான் நான் திருந்துனேன். இப்ப உனக்கு மட்டும் தளத்தி வுட்டா, நாளைக்கு ஒருத்திய கேக்க எனக்கு வாய் இருக்குமா? நீயே சொல்லு. ருசி பாக்கற கமிட்டிக்கு இனிமே நீதான் தலைவி. மாசாமாசம் படிக்காசு வரும். உன் குழுவு மசாலா அரைக்குது. அது ஜம்முனு போவுது."

உண்மைதான். அமராவதி குழுவின் மற்ற பதினாலு பேரும் அரைக்கிற மசாலாதான் அலமாரியில் இப்போது முதலிடம். என்ன மசாலா? மீன் குழம்பு மசாலா. பாக்கெட்டில் அமராவதி முகத்துக்குக் கீழே துள்ளுகிற வஞ்சிரம் படம். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

"இதுக்கு மாமி ஒண்ணும் சொல்லலியா?" என்று அமராவதி மணவாளனைக் கேட்டாள்.

"பேர்ல மீன் இருந்தா பரவால்லம்மா. உள்ள இருக்கக் கூடாது."

அன்றைக்குத் தொக்கு மேல்தட்டிலிருந்து இறங்கியது. வீட்டுக்கு வந்த பாட்டில்களைக் காசிநாதன் அடுக்கி வைத்தான். "விடு. தொக்கு இல்லாம எத்தினி வருசம் இருந்தோம்" என்றான். அவள் அவனைப் பார்த்த பார்வையில், தோப்பிலிருந்து மீட்ட படகின் இடுக்குகளில் நாலாவது தடவையாகக் கலப்பற்றுப் பஞ்சை அடைக்க எழுந்து போய்விட்டான்.

ருசிக் கமிட்டித் தலைவி என்றால் என்ன வேலை? ஷெட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே கிண்ணங்களில் எலுமிச்சை ஊறுகாய். நக்கிப் பார்த்து உப்பு சரி என்று சொல்ல வேண்டும். தலையில் வலைத்தொப்பி. ராசாப்பேட்டையில் பிறந்தவள் நாக்குக்கு எலுமிச்சையில் என்ன தெரியும்? எல்லாவற்றையும் சரி என்றாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்து காட்டினார்கள். "இவுங்கதான் அமராக்கா. இந்த ஊறுகாயக் கண்டுபுடிச்சவங்க." முதல் தடவை மறுத்தாள். இரண்டாவது தடவை மறுக்க வாய் திறந்தபோது டீச்சர் போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை தானாகவே சிரித்தாள்.

ஒரு வருஷம் அப்படிப் போனது. அடுத்த வருஷம் நெத்திலி வந்தது. அப்படியொரு நெத்திலி. மணல் தெரியவில்லை, வெள்ளிதான் தெரிந்தது. காக்கைகள் தின்றுதின்று பறக்க முடியாமல் நடந்து போயின. வியாபாரி வந்து பச்சை நெத்திலியை அள்ளிக் கோழித் தீவனத்துக்குக் கேட்டான். கரை முழுவதும் வேறு வழியில்லாமல் கொடுத்தது. காசிநாதனும் கூடையைத் தூக்கினான்.

"வை கீழ" என்றாள் அமராவதி.

"பின்ன என்னா பண்ணுவ?"

"கோழிக்குப் போடவா மாமா நீ கடலுக்குப் போன?"

காயப்போட்டாள். காய்ந்தது. விற்றாக வேண்டும். ஆனால் ஒரு பொட்டணம் வெளியே போனால் பதினாலு பேர் மசாலா ஒரு வருஷம் நிற்கும். அந்தப் பதினாலு பேரும் அதை வைத்து வீட்டுக்குக் கூரை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி பெண்ணை நர்ஸிங் சேர்த்திருந்தாள்.

முதுநகர் மார்க்கெட்டின் கடைக்கோடியில், முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூக்கு வரை விட்டுக்கொண்டு, கூடையோடு உட்கார்ந்தாள். பக்கத்தில் காவலுக்குச் சவரியம்மாள். அந்த நர்ஸிங் பெண்ணின் தாயார் அவள்தான். தடுக்க வேண்டியவள், காவலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"நல்லா மூடிக்க. உன் மூஞ்சிக்கு இருக்கற பேருக்கு சினிமாக்காரி மாதிரி கூட்டம் கூடிடும்."

"உன் மசாலா போயிடும்னு பயமா இல்லியாடி?"

"பயமாத்தான் இருக்குது. அதான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன்."

சில வாரம் ஓடியது. ஒரு காலை, சிதம்பரத்திலிருந்து ஜங்ஷனில் இறங்கி வந்த ஒரு அம்மாள், கருவாட்டைப் புரட்டிப் பார்க்கக் குனிந்தாள். காற்று அடித்து முந்தானை விலகியது. அம்மாள் கையிலிருந்த கருவாட்டை அப்படியே போட்டாள்.

"ஏம்மா, நீங்க... ஊறுகாய்ல இருக்கறவங்கதானே? எங்க வீட்டுல மூணு வேளையும் அதுதான். நீங்க போய் இங்க கருவாடு..."

பதினாலு அம்மிகள் நிற்கிற சத்தம் சவரியம்மாள் காதில் கேட்டிருக்க வேண்டும்.

அமராவதி முந்தானையை நிதானமாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அது எங்க அக்கா, தாயீ. பாக்க ஒரே மாதிரி இருப்போம். அவ செத்துப் போயிட்டா."

"ஐயோ! எப்ப?"

"ஆவுது ரெண்டு வருசம். நல்ல சாவு. யாருக்கும் தொந்தரவு இல்லாம போனா. கருவாடு எத்தினி வேணும்?"

அம்மாள் துக்கத்தில் பேரம் பேசாமல் ஒரு கிலோ வாங்கிப் போனாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். சிதம்பரம் வரை போக அதற்குக் கால் எதற்கு, பஸ் இருக்கிறதே. ஒரு வாரத்துக்குள் மணவாளன் அலமாரியில் அமராவதி படத்துக்குச் சம்பங்கி மாலை விழுந்தது. ஹாஸ்டல் பையன்கள் ஆளுக்கு ஒரு பாக்கெட் வாங்கினார்களாம். கடைசி காலம் வரை தன் கையாலேயே எலுமிச்சை நறுக்கியவர் என்று யாரோ சொல்ல, குவார்ட்டர்ஸில் பாதிப் பேர் அழுதார்களாம். மணவாளனின் மச்சான், கோயில் வீதிக் கடைக்காரர், துக்கம் விசாரித்த கையோடு ஆர்டரை இரண்டு மடங்காக்கினார். செத்தவள் இனிமேல் கருவாடு தொடமாட்டாள் என்கிற தைரியம்.

மங்கலம் ராசாப்பேட்டைக்கு ஓடி வந்தாள். வாசலில் அமராவதி கூடை முடைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மார்க்கெட்டுக்குக் கட்டிவைத்த கருவாடு. மங்கலம் அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"யக்கா, என்னா காரியம் பண்ணிட்ட! கடைக்கடையா துக்கம் கேக்கறாங்க."

"உசுரோடதான் இருக்கான்னு போய்ச் சொல்லு. இருந்து கருவாடு விக்கறான்னும் சொல்லு. கட்டுப்படி என் குழுவ நிறுத்திப்புடு. அவுளுவகிட்ட நானே சொல்லிக்கறேன்."

இதைச் சொல்லும்போது அவள் கை முடைவதை விட்டுவிட்டது. இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, யாராவது தன்னைத் திட்டமாட்டார்களா என்று ஒரு பொம்பளை காத்திருந்தாள். திட்டினால் உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம்.

மங்கலம் அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அதுக்கில்லக்கா. கமிட்டில பேசுனோம். சித்தார்த்து சாரும் போன்ல கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல. சரக்கு நல்லா போவுது. இப்ப போய் இல்லன்னு சொன்னா பொய்க்காரி பேராயிடும். பேரு கெட்டா எல்லார் பொழப்பும் கெடும். அதனால... அப்புடியே இருக்கட்டும்."

"எப்புடியே?"

"செத்தாப்புலயே."

காசிநாதன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போனான்.

"அப்ப கட்டு?" என்று அமராவதி கேட்டாள்.

"கட்டு உசுரோட இருக்கறவுங்களுக்குத்தானக்கா. முதுநகர்ல எவளோ கருவாடு விக்கறா. எனக்கு அவளத் தெரியாது. செதம்பரம் பக்கம் மட்டும் வராத. ஷெட்டுக்கும் வர வேணாம். படி வீட்டுக்கு வரும்."

படி வரவில்லை, செத்தவளுக்குப் படி எழுத வழியில்லை என்று பிற்பாடு சொன்னார்கள். மங்கலம் போகும்போது வழக்கம்போல "போயிட்டு வரேன்" என்று சொல்லாமல், துக்க வீட்டிலிருந்து போகிறவள் மாதிரி சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள்.

மறுநாள் முதுநகரில் முந்தானையை மூட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அமராவதி முகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே சிதம்பரம் பஸ்ஸின் கூரையில் அட்டைப் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. ஒரு பெட்டி தலைகீழாக இருந்தது. அவள் சத்தம் போடவில்லை.

சவரியம்மாள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, பேச்சை எங்கேயாவது திருப்ப வேண்டும் என்று, "செத்ததுதான் செத்த, கருமாதிக்குச் சோறாவது போட்டியா? நல்ல கருவாட்டுக் கொழம்பா வச்சிருந்தா நானும் வந்திருப்பேன்" என்றாள்.

"போடி. கருமாதிச் சோத்துல எவடி கருவாடு வைப்பா? ஊறுகாதான் வைப்பாங்க."

"எந்த ஊறுகா?"

அமராவதி பஸ் கிளம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எலுமிச்சதான். அதுலதான் என் மூஞ்சி இருக்குது. நானும் வந்து உக்காந்த மாதிரி இருக்குமில்ல."